குழாயின் முதல் ஐந்து சென்டிமீட்டர்

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு சோதனை நினைவிருக்கும். ஸ்டாண்டில் நிற்கும் பியூரெட். அதன் அடியில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனையில், மேசைமேல் கிடைமட்டமாக வைத்த கண்ணாடி நுண்புழைக் குழாய். பியூரெட்டில் நீரை நிரப்பித் திறந்துவிட்டு, ஐந்து ஐந்து கனசென்டிமீட்டராக நீர் இறங்கும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் குறித்துக்கொள்ள வேண்டும். நீரின் பாகியல் எண்ணை, அதாவது நீரின் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுக்கும் வலிமையை, அதிலிருந்து கணக்கிடுவார்கள்.

ரெக்கார்டு நோட்டில் வரும் அட்டவணையில் கடைசிப் பத்தி ht. h என்பது நீர்மட்டத்தின் சராசரி உயரம், t என்பது 5 கனசென்டிமீட்டர் இறங்க ஆகும் நேரம். உயரம் குறைந்தால் நேரம் கூடும். ஆகவே இரண்டின் பெருக்கல் மாறாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்தியின் சராசரியை எடுத்து இந்தச் சூத்திரத்தில் போட்டால் விடை வரும்:

η = πρg r⁴ (ht) / 8lV

இங்கே r குழாய்த் துளையின் ஆரம், l அதன் நீளம், V வெளிவந்த நீரின் கனஅளவு. சூத்திரத்தில் பிழை கிடையாது. ஆனால் அது ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கிறது. குழாயின் முதல் மில்லிமீட்டரிலிருந்து கடைசி மில்லிமீட்டர் வரை நீர் ஒரே விதமாக ஓட வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. பொறியாளர்கள் இதை ‘முழு வளர்ச்சி பெற்ற ஓட்டம்’ என்பார்கள். எந்தக் குழாயிலும் ஓட்டம் வாயிலேயே அப்படிப் பிறப்பதில்லை. வளர அதற்குக் கொஞ்ச தூரம் வேண்டும். அந்தத் தூரத்துக்கு நுழைவு நீளம் என்று பெயர்.

வாயில் நடப்பதைப் பார்ப்போம். அகலமான இடத்திலிருந்து குறுகிய துளைக்குள் நுழையும்போது நீர் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உள்ளே வருகிறது. நடுவிலும் ஓரத்திலும் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் சுவரைத் தொட்ட நீர் சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறது. நின்ற அடுக்கு தனக்கு அடுத்த அடுக்கை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. இப்படி மெதுவாக ஓடும் நீரின் உறை சுவரிலிருந்து நடுவை நோக்கித் தடித்துக்கொண்டே போகும். குழாயின் ஒவ்வொரு குறுக்குவெட்டையும் ஒரே அளவு நீர்தான் கடக்க முடியும். ஓரத்தில் நீர் தயங்கினால் நடுவில் ஓடும் நீர் அந்தக் குறையை ஈடுகட்ட விரைந்தாக வேண்டும். நாற்புறமும் வளர்ந்த உறை மையத்தில் வந்து கூடும்போது நடு வேகம் சராசரி வேகத்தைப் போல இரண்டு மடங்கை நெருங்கியிருக்கும். அதற்குப் பிறகு மாற்றம் இல்லை. ஓரத்தில் சுழியம், நடுவில் இரு மடங்கு, இடையில் பரவளைய வடிவம் என்ற அதே ஒழுங்கு குழாய் முடியும்வரை தொடரும். பாடநூல் சூத்திரம் பேசுவது இந்தப் பிற்பகுதியைப் பற்றி மட்டுமே.

முற்பகுதியில் அழுத்தம் இரண்டு வகையில் கூடுதலாகச் செலவாகிறது. அங்கே உறை மெல்லியது. சுவருக்கு மிக அருகிலேயே வேகம் சட்டென்று ஏறுவதால் உராய்வு அதிகம். இது ஒன்று. கிட்டத்தட்ட அசையாமல் இருந்த பியூரெட் நீரை ஓடவைக்கவும், நடுவில் உள்ள நீரை மேலும் விரைவாக்கவும் ஆற்றல் வேண்டும். இது இரண்டாவது. அந்த இயக்க ஆற்றல் குழாய்க்குத் திரும்பக் கிடைப்பதில்லை. மறுமுனையில் பீறிட்டு வெளியேறி முகவையில் வீணாகிறது.

நுழைவு நீளத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது. சீரான ஓட்டத்தில் அது ஏறத்தாழ 0.06 × Re × D. இங்கே D துளையின் விட்டம். Re என்பது ரெனால்ட்ஸ் எண்: சராசரி வேகத்தை விட்டத்தால் பெருக்கி, பாகியல் எண்ணுக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் வருவது. நடு வேகம் தன் இறுதி மதிப்பில் 99 விழுக்காட்டை எட்டும் இடத்தை எல்லையாகக் கொண்டால் கிடைக்கும் மாறிலி இது. பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட கணக்கும் இதற்கு மிக அருகில்தான் வந்தது. 99 என்பது நாமாக வைத்துக்கொண்ட கோடு. அந்த இடத்தில் குழாய்க்குள் எதுவும் திடீரென்று மாறிவிடுவதில்லை.

இப்போது ஆய்வக மேசைக்கு வருவோம். குழாய்த் துளை 1 மில்லிமீட்டர், நீளம் 15 சென்டிமீட்டர், நீர்மட்டம் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், நீரின் பாகியல் எண் 0.80 சென்டிபாய்ஸ். குழாயின் வெளிமுனை முகவையில் உள்ள நீருக்குள் அமிழ்ந்திருக்கிறது, உயரத்தை முகவையின் நீர்மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். முனையைக் காற்றில் விட்டால் அங்கே தொங்கும் துளியின் பரப்பு இழுவிசை சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈடான எதிரழுத்தத்தைத் தந்து கணக்கைக் குழப்பும்.

உராய்வையும் வாயில் ஆகும் கூடுதல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் நீரின் சராசரி வேகம் விநாடிக்கு 64 சென்டிமீட்டர். ரெனால்ட்ஸ் எண் 800. கொந்தளிப்பு தொடங்கும் 2000-க்கு வெகு கீழே இருப்பதால், ஓட்டம் சீராக இருக்கிறது என்று எழுதிவிட்டு மாணவர் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போவார். ஆனால் நுழைவு நீளம் 0.06 × 800 × 1 = 48 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 15 சென்டிமீட்டர்க் குழாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூத்திரம் செல்லாத பகுதி. சீரான ஓட்டம் வேறு, முழு வளர்ச்சி பெற்ற ஓட்டம் வேறு. பாடம் நடத்தும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வாயில் ஆகும் கூடுதல் செலவை அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், ஓர் எண் ஆகிய மூன்றின் பெருக்கலாக எழுதுவார்கள். குழாயின் முனை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் 1.1 முதல் 1.2 வரை இருக்கும். 1.15 என்று எடுத்துக்கொண்டால் செலவு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். கையில் இருந்த 30 சென்டிமீட்டரில் 25 மட்டுமே உராய்வைச் சமாளிக்கப் போயிருக்கிறது. முப்பதும் உராய்வுக்கே போனதாகச் சூத்திரம் நம்புகிறது. அதனால் நீரை இருப்பதைவிடப் பாகுத்தன்மை மிகுந்ததாகக் காட்டுகிறது. விடை 0.80 சென்டிபாய்ஸாக இல்லாமல் 0.95 என்று வருகிறது. பிழை 19 விழுக்காடு.

இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் பழி ஏற்பது நகரும் நுண்ணோக்கி. சூத்திரத்தில் ஆரம் நான்காம் அடுக்கில் இருப்பதால், ஆரத்தை அளப்பதில் நாலரை விழுக்காடு தவறினாலே விடையில் 19 விழுக்காடு தவறும். ‘துளையைச் சரியாக அளக்கவில்லை’ என்ற முடிவு நம்பும்படியாகவே இருக்கும். மறுபடி அளக்கச் சொல்வார்கள். எத்தனை முறை அளந்தாலும் எண் இறங்காது.

குற்றம் துளையை அளந்ததிலா, வளரும் ஓட்டத்திலா என்று கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அதே ht பத்தியைப் பார்த்தால் போதும். ஆரம் தவறாக இருந்தால் எல்லா வரிகளும் ஒரே அளவில் தவறும், பத்தி மாறாமல் நிற்கும். வாயில் ஆகும் செலவு அப்படியல்ல. அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது பிழை பெரிதாகவும், தாழ இறங்க இறங்கச் சிறிதாகவும் இருக்கும். நம் குழாயில் 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 கனசென்டிமீட்டர் இறங்க 9.95 விநாடி ஆகும். ht 298. உயரம் 20 ஆகும்போது 14.2 விநாடி, ht 284. உயரம் 15 ஆகும்போது 18.4 விநாடி, ht 276. எண்கள் அங்குமிங்கும் சிதறவில்லை, ஒரே திசையில் இறங்கிக்கொண்டே வருகின்றன. அந்த இறக்கம்தான் அடையாளம். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த அடையாளம் அழிந்துவிடுகிறது.

சராசரிக்குப் பதில் ஒரு வரைபடத் தாளை எடுத்துக் கிடை அச்சில் 1/t, செங்குத்து அச்சில் ht என்று புள்ளிகளை வைத்தால் அவை ஒரு நேர்கோட்டில் விழும். ஓட்டம் எவ்வளவு விரைவோ அவ்வளவு பெரியது 1/t. கோட்டை இடப்பக்கம் நீட்டி 1/t சுழியமாகும் இடத்துக்குக் கொண்டுபோனால், நீர் எண்ணற்ற மெதுவாக ஓடியிருந்தால் ht என்னவாக இருந்திருக்கும் என்பது கிடைக்கும். நம் மூன்று புள்ளிகளின் கோடு 250-ல் வெட்டுகிறது. அதைச் சூத்திரத்தில் போட்டால் 0.80 சென்டிபாய்ஸ் சரியாக வந்து நிற்கிறது. கோட்டின் சாய்வு வாயில் ஆன செலவைச் சொல்கிறது. அதே குழாய், அதே பியூரெட், அதே அளவீடுகள். ஒரேயொரு எச்சரிக்கை: உயரம் 10 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் 5 கனசென்டிமீட்டர் இறங்குவதற்குள் உயரமே பாதிக்கும் மேலாக மாறிவிடக்கூடும். அங்கே முதல் மட்டத்துக்கும் கடைசி மட்டத்துக்கும் நடுவை எடுப்பது சரியான சராசரியாகாது. அந்த வரிகளைக் கோட்டில் சேர்க்காமல் விடுவது நல்லது.

இன்னொரு வழி, குழாயை மாற்றுவது. அதே 15 சென்டிமீட்டர் நீளம், அதே 30 சென்டிமீட்டர் உயரம், துளை மட்டும் அரை மில்லிமீட்டர். இப்போது வேகம் விநாடிக்கு 19 சென்டிமீட்டராகவும், ரெனால்ட்ஸ் எண் 118 ஆகவும் குறைகிறது. நுழைவு நீளம் 3.5 மில்லிமீட்டர்தான். பிழை 1.4 விழுக்காடு. இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். 10 விநாடியில் இறங்கிய 5 கனசென்டிமீட்டர் இப்போது இரண்டேகால் நிமிடம் எடுக்கும். எண்ணெய் ஆலைகளிலும் பெட்ரோலியச் சோதனைக் கூடங்களிலும் பயன்படும் கண்ணாடிப் பாகுமானிகளில், நீர்மம் இறங்கும் நேரம் பொதுவாக 200 விநாடிக்குக் குறையக் கூடாது என்று தர விதிகள் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே. கடிகாரத்தைத் துல்லியமாகப் படிக்க வேண்டும் என்பதைவிட, வாயில் ஆகும் செலவு கண்ணில் படாத அளவுக்குக் குறைய வேண்டும் என்பதே அதில் முக்கியம்.

அப்படியானால் முழு வளர்ச்சி பெற்றதாக எப்போது எடுத்துக்கொள்ளலாம்? குழாய் நுழைவு நீளத்தைவிட நீளமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தத்தைக் கணக்கிடும்போது அது போதாது. நுழைவுப் பகுதியைக் கடந்த பிறகு நீர் ஒழுங்காக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் வாயில் செலவான அழுத்தம் செலவானதுதான். ஆட்டோவில் ஏறியதும் விழும் குறைந்தபட்சக் கட்டணம் போன்றது அது. பயணம் நீள நீள மொத்தத் தொகையில் அதன் பங்கு சிறுக்குமே தவிர, கட்டணம் மறைந்துபோகாது. மேலே உள்ள எண்களைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு நல்ல விதி கிடைக்கிறது. வாயில் ஆகும் செலவு உராய்வில் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டுமானால், குழாயின் நீளம் நுழைவு நீளத்தைப் போல 60 மடங்கு இருக்க வேண்டும். ஐந்து விழுக்காடு பரவாயில்லை என்றால் 12 மடங்கு. நம் முதல் குழாயில் அது மூன்று மடங்குதான், ஆகவே 60-ஐ மூன்றால் வகுத்தால் வரும் ஏறத்தாழ 20 விழுக்காடு பிழை. இரண்டாவது குழாயில் 43 மடங்கு. குழாயின் ஓர் இடத்தில் வேகம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டுமானால் ஒரு மடங்கைத் தாண்டினாலே போதும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பான தூரம்.

இந்தச் சிக்கல் சூத்திரம் பிறந்தபோதே தெரிந்திருந்தது. ஜெர்மானிய நீரியல் பொறியாளர் ஹேகன் 1839-ல் சில மில்லிமீட்டர் துளையுள்ள பித்தளைக் குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பார்த்தார். அழுத்தத்தை அவர் இரண்டு உறுப்புகளாக எழுதினார். ஒன்று வேகத்தோடு நேராக ஏறுவது, மற்றது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. அந்த இரண்டாவதுதான் நாம் ht வரைபடத்தில் பார்த்த சாய்வு. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் பாரீஸில் மருத்துவரான பாய்சொய் இதைவிட மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டார். பெரும்பாலானவற்றின் துளை 0.15 மில்லிமீட்டரைவிடக் குறைவு. அந்தத் துளையில் வாயில் ஆகும் செலவு அற்பம். அதனால்தான் அவருக்கு அவ்வளவு தூய விதி கிடைத்தது. குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் சுருக்கிக்கொண்டே போனபோது, ஒரு நீளத்துக்குக் கீழே விதி பொய்ப்பதையும் அவர் கவனித்துப் பதிவு செய்தார்.

வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் கதை சற்று வேறு. அங்கே ஓட்டம் பெரும்பாலும் கொந்தளிப்பானது. கொந்தளிப்பு நீரை ஓரத்துக்கும் நடுவுக்கும் ஓயாமல் கலக்குவதால் வளர்ச்சி சீக்கிரம் முடிகிறது. 25 மில்லிமீட்டர்க் குழாயில் நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் நுழைவு நீளம் விட்டத்தைப் போல ஏறத்தாழ 25 மடங்கு, அதாவது அறுபது சென்டிமீட்டர் சொச்சம். அந்தக் குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் உராய்வால் சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் இழக்கிறோம். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் சேர்த்து ஒரே முறை ஏழரை சென்டிமீட்டர் போகிறது. நூறு மீட்டர் நீளக் குழாயில் உராய்வே ஐந்து மீட்டர் என்பதால் ஏழரை சென்டிமீட்டரை மறந்துவிடலாம். மூன்று மீட்டர் இணைப்பில் அது உராய்வில் பாதி. மறந்தால் பம்ப் கணக்கு தவறும்.

ஓட்டமானி பொருத்தும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். குழாயின் வெளிப்புறத்தில் கட்டும் அல்ட்ராசானிக் மானிகள் உள்ளே வேகம் முழு வளர்ச்சி பெற்ற வடிவில் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் அளவைச் சொல்கின்றன. மானிக்கு முன்னே விட்டத்தைப் போல 10 மடங்கு, பின்னே 5 மடங்கு நேர்க்குழாய் விட வேண்டும் என்று கையேடுகளில் வழக்கமாகப் போட்டிருக்கும். ஒரே ஒரு எல்போவுக்குப் பிறகு என்றால் இது ஓரளவு தாங்கும். வேறு வேறு தளங்களில் திரும்பும் இரண்டு எல்போக்கள் அடுத்தடுத்து இருந்தால் நீர் திருகிக்கொண்டு வரும். அந்தத் திருகல் பல பத்து மடங்கு விட்டத் தூரத்துக்கு அடங்காது. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மானியின் உணரிகளைக் கழற்றி, அதே இடத்தில் குழாயைச் சுற்றிக் கால்வட்டம் தள்ளிக் கட்டிப் பாருங்கள். உள்ளே ஓட்டம் வளர்ந்து முடிந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், அளவு மாறாது. மாறினால் அந்த இடம் மானிக்கு ஏற்றதல்ல.

பாய்சொய் இந்தச் சோதனைகளில் இறங்கியது ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான். ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனிக்கு அவருடைய விதி பொருந்தாது. இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள அதில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் போகிறது என்றால் சராசரி ரெனால்ட்ஸ் எண் ஆயிரத்துக்கு மேல். ஓட்டம் மாறாமல் நிலையாக இருப்பதாகக் கொண்டாலே நுழைவு நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். பெருந்தமனி முழுவதும் ஏறத்தாழ அரை மீட்டர்தான், அதுவும் வழியெங்கும் கிளைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓட்டம் விரைந்து தளர்கிறது. ‘ரத்தக் குழாய் பாதியாகச் சுருங்கினால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும்’ என்று மேடைகளில் சொல்லப்படும் கணக்கை இங்கே பயன்படுத்தக் கூடாது.

அந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துவது ரத்த அழுத்தத்தின் பெரும்பகுதி செலவாகும் நுண்தமனிகளில்தான். 30 மைக்ரோமீட்டர் விட்டமும் விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகமும் உள்ள இடத்தில் ரெனால்ட்ஸ் எண் ஒன்றைவிட மிகக் குறைவு. 0.06 × Re × D என்று போட்டால் நுழைவு நீளம் ஏறத்தாழச் சுழியமாக வரும். அவ்வளவு மெதுவான ஓட்டத்துக்கு அந்தச் சூத்திரம் செல்லாது. ஓட்டம் எவ்வளவு மெதுவானாலும் வளர்ச்சிக்கு விட்டத்தில் ஏறத்தாழ 0.6 பங்குத் தூரமாவது வேண்டும். இங்கே அது 20 மைக்ரோமீட்டருக்கும் குறைவு என்பதால் தயங்காமல் விட்டுவிடலாம். இதையும் தாண்டி மிக நுண்ணிய தந்துகிகளுக்குப் போனால் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடலை நெளித்துக்கொண்டு நகர்கின்றன. ரத்தத்தை இடைவெளியற்ற ஒரே நீர்மமாகக் கொள்வதே அங்கே முடியாது.